உஷார்! பதிமூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தாலும் ‘மனைவி’ என்று காட்ட ஒரு காகிதம் இருக்கிறதா?

“ரொம்ப வருஷம் சேர்ந்து வாழ்ந்துட்டா அது கல்யாணம் மாதிரிதானாம், கோர்ட்டே சொல்லிடுச்சு.” லிவிங் டுகெதர் பற்றிய பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். பத்திரிகைத் தலைப்பும் அப்படித்தான் வருகிறது. அதைப் படித்துவிட்டு நிம்மதியாக இருக்கும் பெண்களை நினைத்தால் அடிவயிறு கலங்குகிறது. அந்தத் தலைப்பில் பாதி உண்மைதான் இருக்கிறது. ஆண் உயிரோடு இருக்கும்போது கேட்கும் ஜீவனாம்சம் வேறு, அவர் கண்மூடிய பிறகு கேட்கும் சொத்துரிமை வேறு. முதலாவதற்குத் திறக்கும் கதவு இரண்டாவதற்குத் திறப்பதில்லை. இந்த வித்தியாசம் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவருவது பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அதே ஊரில் சொந்தமாகச் சின்ன தையல் யூனிட் நடத்துகிற ஆண். இருவருமே இந்துக்கள், இருவருக்குமே வேறு கல்யாணம் ஆகவில்லை. சாதி காரணமாக இரு வீட்டிலும் ஒப்புக்கொள்ளவில்லை. “அம்மா மனசு மாறட்டும், ஊரறியக் கல்யாணம் பண்ணிக்கலாம்” என்று தள்ளிப்போட்டே பதிமூன்று வருடம் ஓடிவிட்டது. பதினொரு வயதில் மகள். அவர் சம்பாத்தியத்தில் அவர் பெயரில் வாங்கிய வீடு இன்றைக்கு அறுபது லட்சம் போகும். ஒருநாள் மாரடைப்பு, ஆள் போய்விட்டார்.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணன் வந்து பீரோ சாவி கேட்கிறார். “பத்திரத்த நான் வெச்சுக்கிறேன் அம்மிணி, உனக்கு இதெல்லாம் எதுக்கு?” குரலில் கோபம்கூட இல்லை. அடுத்த வாரம் அம்மாவின் பெயரை மட்டும் போட்டு வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் போய்விடுகிறது. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார். “நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்று கேட்கிறார். “மனைவி.” “கல்யாணப் பதிவு இருக்கா?” இல்லை. “ரேஷன் கார்டு?” இந்தப் பெண்ணின் பெயர் இன்னும் தன் அம்மா வீட்டுக் கார்டில் இருக்கிறது. இறந்தவரின் பெயர் அவருடைய அம்மா வீட்டுக் கார்டில். பெயரை எடுத்து மாற்றினால் வீட்டில் பிரச்சினை வரும் என்று இருவருமே தொடவில்லை. பதிமூன்று வருடக் குடித்தனத்துக்கு அரசாங்கத்திடம் ஒரு வரிப் பதிவுகூட இல்லை.

இந்த இடத்தில் இருந்து சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அவர் சாகாமல், வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு இவரை விட்டுப் போயிருந்தால் நிலைமை இதைவிடப் பரவாயில்லை என்பதுதான் கசப்பான உண்மை. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தாலி கட்டாவிட்டாலும் ‘திருமணத்தைப் போன்ற உறவில்’ வாழ்ந்த பெண்ணுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அடி உதை இருந்தால்தான் என்றில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் நிறுத்துவதும், வீட்டைவிட்டு விரட்டுவதும் அந்தச் சட்டப்படி வன்முறைதான். மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 12ஆம் பிரிவின்படி மனுப் போட்டு மாதச் செலவுத் தொகை, குடியிருக்கும் உரிமை, குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உத்தரவு எல்லாம் ஒன்றாகக் கேட்கலாம். வழக்கு முடியும்வரை காத்திருக்காமல் இடைக்கால உத்தரவும் கேட்கலாம். மனு எழுதித்தர மாவட்ட சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

ஆனால் ‘திருமணத்தைப் போன்ற உறவு’ என்று நீங்கள் சொன்னால் போதாது. கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போன வேலுசாமி வழக்கில் 2010இல் நான்கு நிபந்தனைகள் சொல்லப்பட்டன. ஊருக்கு முன் கணவன் மனைவியாகவே இருவரும் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். இருவருக்கும் சட்டப்படியான கல்யாண வயது ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளத் தடை ஏதும் இருக்கக் கூடாது, அதாவது இருவருக்கும் வேறு கணவனோ மனைவியோ இருக்கக் கூடாது. கணிசமான காலம் தாமாக விரும்பி ஒன்றாக வாழ்ந்திருக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனையில்தான் எத்தனையோ பெண்கள் விழுந்துவிடுகிறார்கள். பெங்களூரைச் சேர்ந்த இந்திரா சர்மா வழக்கைப் பாருங்கள். பதினெட்டு வருட உறவு. அந்த ஆணுக்கு ஏற்கெனவே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. அது தெரிந்தேதான் அந்தப் பெண் சேர்ந்து வாழ்ந்தார். கடைசியில் அவர் கைவிட்டபோது, கீழ்க்கோர்ட் ஜீவனாம்சம் கொடுக்கச் சொன்னதுகூட நிற்கவில்லை. மனைவி இருப்பது தெரிந்தே நுழைந்த உறவு திருமணத்தைப் போன்றதாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதினெட்டு வருடம்! “அவங்க ரெண்டு பேரும் பேசறதே இல்ல, டைவர்ஸ் வாங்கிடுவேன்” என்ற வாய்ச்சொல்லை நம்பிக் குடித்தனம் தொடங்குகிற ஒவ்வொரு பெண்ணும் இந்த வழக்கைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பேசாமல் இருப்பது விவாகரத்து ஆகாது. விவாகரத்துத் தீர்ப்பின் நகலை உங்கள் கையில் வாங்கிப் படிக்கும்வரை அவர் கல்யாணமானவர்தான்.

முதல் கல்யாணத்தை மறைத்து உங்களைக் கட்டிக்கொண்டிருந்தால் கதை வேறு. ஏமாற்றியவனே “இவள் என் சட்டப்படியான மனைவி இல்லை” என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஜீவனாம்சம் கொடுத்தாக வேண்டும் என்று பாட்ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அங்கே கல்யாணச் சடங்கு நடந்திருந்தது என்பதையும், அந்தப் பெண்ணுக்கு விஷயம் தெரியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

குழந்தையின் ஜீவனாம்சத்தில் மட்டும் இந்தச் சிக்கல் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக இருக்கிறது. பெற்றோருக்குக் கல்யாணம் ஆகியிருந்தாலும் ஆகாவிட்டாலும் குழந்தைக்குச் சோறு போடுவது தகப்பனின் கடமை என்று அது வெளிப்படையாகவே சொல்கிறது. தகப்பனுக்கு வேறு குடும்பம் இருந்தாலும் சரி, எந்த மதமானாலும் சரி. இங்கே நிரூபிக்க வேண்டியது ஒன்றே ஒன்று, அவர்தான் தகப்பன் என்பது. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பிரசவ நேரக் கோபத்திலோ கூச்சத்திலோ அந்த இடத்தைக் காலியாக விட்டால், பிறகு டி.என்.ஏ. பரிசோதனை கேட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டிவரும்.

இவையெல்லாம் அவர் உயிரோடு இருக்கும்வரை. செத்தவரிடம் மாதச் செலவு கேட்க முடியாது. திருப்பூர்ப் பெண்ணுக்கு இனிமேல் வேண்டியது சொத்தில் பங்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ‘சேர்ந்து வாழ்ந்தவர்’ என்று ஒரு வாரிசே கிடையாது. விதவை, மகன், மகள், தாய் என்றுதான் பட்டியல். ஆக, அவர் அந்த ஆணின் மனைவியாகவே இருந்தார் என்று சிவில் கோர்ட்டில் நிறுவினால்தான் உள்ளே நுழைய முடியும்.

அதற்கு ஒரு வழி உண்டு. நீண்ட காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களுக்குக் கல்யாணம் நடந்திருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 119ஆம் பிரிவு. அந்தத் தலைப்புச் செய்திகளுக்கெல்லாம் வேர் இதுதான். ஆனால் கவனியுங்கள், “கல்யாணம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை” என்று கோர்ட் சொல்லவில்லை. “கல்யாணம் நடந்திருக்கும் என்று நம்புகிறோம், இல்லை என்பவர் நிரூபிக்கட்டும்” என்கிறது. இது உடைக்கக்கூடிய அனுமானம். “நாங்க லிவிங் டுகெதர்ல இருந்தோம், கல்யாணத்துல எங்களுக்கு நம்பிக்கை இல்ல” என்று அந்தப் பெண்ணே எங்காவது எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே எதிர்த்தரப்புக்குப் போதும். இருவரில் ஒருவருக்கு வேறு துணை உயிரோடு இருந்தாலும் அனுமானம் நிற்காது.

2022இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை ஏற்று, அப்படி வாழ்ந்த தம்பதியின் மகனுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு கொடுத்தது. கீழ்க்கோர்ட் கொடுத்த பங்கை உயர் நீதிமன்றம் பறித்திருந்தது. அந்த மகனைக் காப்பாற்றியது எது தெரியுமா? இன்னார்தான் தகப்பன் என்று காட்டும் காகிதங்கள், சண்டை என்று ஒன்று முளைப்பதற்கு வெகுகாலம் முன்பே உருவாகியிருந்தன. நீதிபதிகள் அதைக் குறிப்பிட்டே சொன்னார்கள். வழக்குக்காகத் தயாரித்த காகிதத்துக்கும், வாழ்க்கை போகிற போக்கில் தானாகச் சேர்ந்த காகிதத்துக்கும் உள்ள மதிப்பு வித்தியாசம் இது. அவர் இறந்த பிறகு ஆதாரில் முகவரி மாற்றி என்ன பயன்?

நம் உதாரணத்தில் பணமாகவே கணக்குப் போடுவோம். அனுமானம் நின்றால் விதவை, மகள், மாமியார் மூவருக்கும் சம பங்கு, ஆளுக்கு இருபது லட்சம். தாயும் மகளுமாக நாற்பது லட்சம். அனுமானம் விழுந்தால்? அறுபது லட்சமும் மாமியாருக்கு. அவர் மறுநாளே மூத்த மகன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதிவைக்கலாம். பதினொரு வயது மகளுக்கு, பெற்ற தகப்பனின் வீட்டில் பங்கு பூஜ்யம். கல்யாணமே இல்லாத உறவில் பிறந்த குழந்தையை வாரிசுரிமைச் சட்டம் தாயின் உறவாக மட்டுமே பார்க்கிறது. “குழந்தை என்ன பாவம் செய்தது, அதுக்குப் பங்கு உண்டாமே” என்று எல்லோரும் சொல்வது இந்த இடத்தில் பலிப்பதில்லை.

அப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, செல்லாத கல்யாணத்தில் பிறந்த குழந்தையையும் முறையான குழந்தையாக்குகிறது. முதல் மனைவி இருக்கும்போது செய்துகொண்ட இரண்டாவது கல்யாணம் அப்படிப்பட்டது. அந்தக் குழந்தைக்குத் தகப்பனின் சொத்தில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமான பங்கு உண்டு. கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனுக்கென்று பிரியும் பாகத்திலும் உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு தெளிவாக்கியது. உதாரணமாக முதல் மனைவி, அவருடைய இரண்டு பிள்ளைகள், இறந்தவரின் தாய், இந்தக் குழந்தை என ஐந்து பேர் இருந்தால் அறுபது லட்சத்தில் குழந்தைக்குப் பன்னிரண்டு லட்சம். பெற்ற தாய்க்கு ஒன்றும் இல்லை. ஆனால் ‘செல்லாத கல்யாணம்’ என்பதற்குக்கூட ஏதோ ஒரு கல்யாணம் நடந்திருக்க வேண்டும். சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்ந்தால் 16ஆம் பிரிவு கைகொடுப்பது கடினம். அதற்காக, மனைவி இருப்பவரிடம் கோயிலில் ஒரு தாலி கட்டச் சொல்லாதீர்கள். அது இருதார மணக் குற்றம், ஏழு ஆண்டுவரை சிறை உண்டு.

எல்லாக் கதவும் அடைத்துவிட்டால் குழந்தைக்கு இன்னொரு வழி இருக்கிறது, பல வக்கீல்களே இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 21, 22ஆம் பிரிவுகளின்படி, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்குப் பதினெட்டு வயதுவரையும், மகளுக்குக் கல்யாணம் ஆகும்வரையும், தகப்பனின் சொத்தை அடைந்தவர்கள் அந்தச் சொத்திலிருந்து ஜீவனாம்சம் தர வேண்டும். திருப்பூர் மகள் பாட்டியிடம் இதைக் கேட்கலாம். பங்கு கிடைக்காது, படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வழி கிடைக்கும். சேர்ந்து வாழ்ந்த பெண் இந்தப் பட்டியலிலும் இல்லை.

இப்போது தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் பொருந்துகிற ஒரு விஷயம். இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் சேர்த்த 7ஏ பிரிவின்படி, இங்கே இரு இந்துக்கள் உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், ஒருவரை ஒருவர் துணையாக ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றிக்கொண்டாலோ, மோதிரம் போட்டாலோ, தாலி கட்டினாலோ அது முழுமையான கல்யாணம். ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம், பதியாவிட்டாலும் செல்லும். “நாங்க லிவிங் டுகெதர்” என்று சொல்லிக்கொள்ளும் எத்தனையோ ஜோடிகள், ஒரு நண்பர் வீட்டில் நாலு பேர் முன்னால் மாலை மாற்றியிருப்பார்கள், அதைக் கணக்கிலேயே வைக்க மாட்டார்கள். அந்த நாளின் போட்டோ, அங்கே இருந்தவர்களின் பெயர், முகவரி உங்களிடம் இருக்கிறதா? திருப்பூர்ப் பெண்ணிடம் அப்படி ஒரு போட்டோவும் ஒரு சாட்சியும் இருந்தால், அனுமானத்தைக் கெஞ்ச வேண்டிய நிலையே இல்லை. அவர் நேரடியாகவே மனைவி.

இன்றைக்கும் இருவரும் உயிரோடும் உறவோடும் இருக்கிறீர்கள், கல்யாணத்துக்குத் தடை இல்லை என்றால், நாளைக்கே சார் பதிவாளர் அலுவலகத்துக்குப் போங்கள். பெற்றோர் சம்மதம் வரட்டும் என்று காத்திருப்பதால் நஷ்டப்படப் போவது நீங்கள்தான், அவர்கள் இல்லை. மதம் வேறுவேறு என்றால் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. முப்பது நாள் நோட்டீஸ், அவ்வளவுதான். கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களில் வாரிசுக் கணக்கு வேறு மாதிரி. ஆனால் கல்யாணம் இல்லாமல் துணைக்குப் பங்கு இல்லை என்பது அங்கேயும் அப்படித்தான்.

கல்யாணம் வேண்டாம் என்பது உங்கள் கொள்கை என்றால் அதை நான் மதிக்கிறேன். அப்படியானால் உயில் எழுதாமல் ஒருநாள்கூட இருக்காதீர்கள். சுயமாகச் சம்பாதித்த சொத்தை இந்து ஒருவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், உறவுமுறை கேட்கப்படாது. சாதாரண வெள்ளைத் தாளே போதும். எழுதியவர் கையெழுத்தும், அதைப் பார்த்த இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் கட்டாயம். பயன்பெறும் நீங்கள் சாட்சியாக இருக்காதீர்கள். சட்டப்படி பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள். அண்ணன்மார் முதலில் சொல்லப்போவது “இது அவன் கையெழுத்தே இல்ல” என்பதுதான். சாட்சிகள் உங்களைவிட வயதில் சிறியவர்களாக, தேடினால் கிடைக்கிறவர்களாக இருக்கட்டும். “ஏன், எனக்கு ஏதாவது ஆகணும்னு பாக்கறியா?” என்று அவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும்.

“எல்.ஐ.சி.யிலயும் பேங்க்லயும் என்னைத்தான் நாமினியா போட்டிருக்கார்” என்று சொல்லித் திருப்திப்பட்டுக்கொள்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள உரிமை உள்ளவர், பெரும்பாலும் அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் இல்லை. இன்சூரன்ஸில் 2015 திருத்தத்துக்குப் பிறகு, நாமினி பெற்றோராகவோ கணவன் மனைவியாகவோ பிள்ளையாகவோ இருந்தால் அவர்களுக்கே பணம் சொந்தம். துணை அந்தப் பட்டியலில் இல்லை. வாரிசுகள் வழக்குப் போட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க நேரலாம். அதையும் உயிலில் ஒரு வரி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே அந்த இழப்பு நடந்துவிட்ட பெண்களுக்கு: வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள், சாவியையும் அசல் பத்திரத்தையும் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வெற்றுத் தாளிலோ, “எனக்கு எந்த உரிமையும் இல்லை” என்ற வாசகத்திலோ கையெழுத்துப் போடாதீர்கள், எவ்வளவு அன்பாகக் கேட்டாலும். வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்துக்குத் தாசில்தாரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். தகராறு என்று தெரிந்தால் அவர் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார். அதுவே உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அங்கே மனைவி என்ற அறிவிப்பும், பாகப்பிரிவினையும், சொத்தை விற்கத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். அதற்குள் பள்ளிச் சேர்க்கைப் படிவம், பிரசவ கேஸ் ஷீட், வாடகை ஒப்பந்தம், இ.எஸ்.ஐ. கார்டு, ஆபரேஷனுக்கு ‘கணவர்’ என்று அவர் போட்ட கையெழுத்து, எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள். பழைய காகிதமாக இருந்தால் கிழிந்திருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து யாரும் பின்வாங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே அதன் அலுவலகம் இருக்கும். தொலைபேசி எண் 15100. வீட்டைவிட்டு விரட்டுகிறார்கள் என்றால் மகளிர் உதவி எண் 181.